பாதி மூஞ்சிக்கு மஞ்சள்

(சமையலறை. ஸ்டாண்டில் போன். முன்னால் சித்தி. கல்யாண வீடியோ எடுக்கும் குமார், நேற்று எடுத்த வீடியோவை முறைத்துப் பார்க்கிறான்.)

சித்தி: வத்தக்குழம்பு வீடியோவுக்கு ஒருத்தி கேக்குறாடா, "அக்கா, பாதி மூஞ்சிக்கு மட்டும் மஞ்சள் பூசினீங்களா?"ன்னு.

குமார்: நியாயமான கேள்வி. மீதிப் பாதி ஃப்ரீசர்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு.

சித்தி: டியூப்லைட் மட்டும் போட்டா ஒரு கன்னம் இருட்டு. அதான் டேபிள் லேம்பையும் வச்சேன்.

குமார்: யோசனை சரி சித்தி. மெயினா அடிக்கிறது கீ லைட், அந்த நிழலைத் தூக்கிவிடுறது ஃபில். ஆனா வெளிச்சத்தோட கலரைச் சொல்ற கெல்வின் நம்பர் உங்க டியூப்லைட்டுக்கு 6500, லேம்ப் பல்புக்கு 2700.

சித்தி: குறைஞ்ச நம்பர்தான் இப்படி மஞ்சளா எரியுதா?

குமார்: ஆமா, ஏற ஏற நீலம். இந்தத் தாளை நடுவுல மடிச்சு, மடிப்பு போனைப் பாக்குற மாதிரி மூக்குக்கு முன்னால பிடிங்க. ஒரு பக்கம் லேம்புக்கு, ஒரு பக்கம் டியூப்லைட்டுக்கு.

சித்தி: (போன் திரையைப் பார்த்து) அட, ஒரே தாளு! ஒரு பக்கம் பழுத்த வேட்டி, மறுபக்கம் நீலம் போட்ட வேட்டி!

குமார்: உங்க கன்னத்துலயும் அதான் நடக்குது.

சித்தி: போன்தான் கலரைச் சரிபண்ணுமே?

குமார்: படம் முழுக்க ஒரே மாதிரிதான் திருத்தும். மஞ்சளைக் குறைச்சா மறுகன்னம் இன்னும் நீலமாகும், நீலத்தைக் குறைச்சா இந்தக் கன்னம் மஞ்சக்கிழங்கு.

சித்தி: எனக்கும் மாமியாருக்கும் நடுவுல உங்க சித்தப்பா நின்ன மாதிரி.

குமார்: அதேதான். டியூப்லைட்டை அணைச்சிட்டு, ஒரே பெட்டில வந்த ரெண்டு பல்பு போடுங்க. கம்பெனி மாறினா நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணு லேசா பச்சையடிக்கும், தோல்ல உடனே தெரிஞ்சிடும்.

சித்தி: ரெண்டும் ஒரே பல்புன்னா ரெண்டு கன்னமும் தோசைக்கல்லு மாதிரி தட்டையாயிடாதா?

குமார்: அதுக்குத்தான் தூரம். கீ லைட்டை மூணடில, கண்ணுக்குக் கொஞ்சம் மேல, சைடா வைங்க. ஃபில்லை மறுபக்கம் நாலேகால் அடிக்குத் தள்ளினா வெளிச்சம் பாதியாயிடும். ஆறடிக்குத் தள்ளினா கால்வாசிதான், அப்ப வில்லி மாதிரி தெரிவீங்க.

சித்தி: வத்தக்குழம்புக்கு வில்லி வேணாம்.

குமார்: கடைசியா வெள்ளைத் தாளைக் காட்டி, போன் கலரைத் திருத்துற ஒயிட் பேலன்ஸை லாக் பண்ணிடுறேன். இல்லன்னா நீங்க மிளகாய்த்தூளை அள்ளும்போதெல்லாம் மூஞ்சி கலர் மாறும். சரி, பல்பு இருக்கா?

சித்தி: ரெண்டு பல்பு பெட்டி ஒண்ணு போன மாசம் வாங்கினேன். ஒண்ணு இதோ. இன்னொண்ணு... இரு.

(உள்ளே போகிறாள். கையில் பல்புடன் வருகிறாள்.)

குமார்: எங்க இருந்துச்சு?

சித்தப்பா: (பாத்ரூமிலிருந்து) யாருடி அது! கண்ணுல சோப்பு!

சித்தி: சத்தம் போடாதீங்க, வீடியோவுல விழும்!