எல்லாமே எச்சரிக்கையா?

மைக்ரோவேவ் அடுப்பின் கையேட்டை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார்கள், நான் சரிபார்க்க வேண்டுமாம். மூலத்தில் டேஞ்சர், வார்னிங், காஷன் என்று மூன்று படிகள். தமிழில்? எச்சரிக்கை, எச்சரிக்கை, இன்னொரு எச்சரிக்கை!

மூடியைக் கழற்றினால் உள்ளே கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதற்கும் எச்சரிக்கை. கண்ணாடித் தட்டு சுடும், அதற்கும் எச்சரிக்கை. உயிர் போவதும் விரல் சுடுவதும் ஒன்றா ஐயா?

டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவு அல்லது படுகாயம் நிச்சயம். வார்னிங் என்றால் அதே விளைவு, ஆனால் நேரலாம். காஷன் சின்னக் காயத்தோடு முடியும். அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று மூன்று சொல் நம்மிடம் இல்லையா? யார் வீட்டுச் சொத்து அது?

சரி, கெப்பாசிட்டர் பகுதியின் தலைப்பை 'அபாயம்' என்று திருத்தினேன். அடுத்த வரியில் 'மின்அதிர்ச்சி ஏற்பட வாய்ப்புண்டு' என்று குழைகிறது. மேலே அபாயம், கீழே வாய்ப்புண்டு! மழை அறிவிப்பா இது? 'ஏற்படும்' என்று எழுதினால் கை வலிக்குமா?

இதில் துடைக்கும் துணி பற்றிய வெறும் குறிப்புக்கு மட்டும் கொட்டை எழுத்தில் 'அபாயம்'. அந்தத் துணி யாரைக் கொன்றது?