பலூனை எப்போது நிரப்புவது: கதீற்றர் செய்முறைப் பரீட்சையின் மதிப்பீட்டுத் தாள் பற்றி

தாதிய மாணவர்களின் செய்முறைப் பரீட்சையில் ஆண் நோயாளிக்குச் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீற்றர் போடும் நிலையத்துக்கென 20 படிகளும் படிக்கு ஒரு புள்ளியுமாக அமைந்த ஒரு மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். கை கழுவுதல், சம்மதம் பெறுதல், கிருமிநீக்கிய கையுறை அணிதல், துடைத்தல், லிக்னோகெயின் ஜெல் செலுத்துதல் என எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மாணவர், குழாயில் சிறுநீர் தெரிந்த கணமே அதே இடத்தில் நிறுத்தி, குழாய் வெளியே வராமல் பிடித்துவைக்கும் பலூனை நிரப்பிவிடுகிறார். அவருக்கு ஒரு புள்ளி குறைகிறது. 19 புள்ளிகளுடன் சிறப்பாகச் சித்தியடைகிறார். இந்தக் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சிறுநீர் வரத் தொடங்கும்போது கதீற்றரின் முனையிலுள்ள துளை மட்டுமே சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கக்கூடும். பலூன் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பதால், அது இன்னும் புரொஸ்ரேற் சுரப்பியின் நடுவே செல்லும் சிறுநீர்வழியிலேயே நிற்கலாம். அங்கே 10 மில்லிலீற்றர் நீரை ஏற்றினால் வழி கிழியும், இரத்தம் வடியும், ஆறிய பின்னர் தழும்பு சுருங்கிச் சிறுநீர் அடைபடவும் கூடும். ஆகவே ஆண்களில் சிறுநீர் வந்த பின்னரும், கதீற்றர் இரண்டாகப் பிரியும் கவை வரை உள்ளே செலுத்திய பிறகே பலூனை நிரப்ப வேண்டும். முல்லைத்தீவின் ஒரு கிராமத்திலிருந்து சிறுநீர் அடைத்து, அடிவயிறு வீங்கி, முச்சக்கரவண்டியில் வந்திறங்கும் வயோதிபக் கமக்காரருக்கு இந்தத் தவறு நேர்ந்தால், விடுதியில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காக அவரை அம்புலன்சில் யாழ்ப்பாணம் வரை அனுப்ப வேண்டிவரும்.

தவறுக்குப் பயிற்சிப் பொம்மையும் ஒரு காரணம். அதற்குள் முனை நுழைந்தவுடனேயே நீர் வந்துவிடுகிறது. மனிதரிலோ ஜெல் துளையை அடைத்துக்கொண்டு சற்று நேரம் சிறுநீரை வரவிடாமல் இருக்கலாம். பொம்மைக்கு முகமும் இல்லை. பலூனை நிரப்பும்போது சிறிஞ்சில் தடை தெரிந்தாலோ நோயாளி வலியில் முகம் சுழித்தாலோ உடனே நிறுத்தி, ஏற்றிய நீரைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். ஆனால் "நோகுதா ஐயா?" என்று அந்த நேரத்தில் கேட்பதற்குத் தாளில் புள்ளியே இல்லை. (முன்தோலைப் பழையபடி இழுத்து மூடுவதும் பல தாள்களில் கடைசி வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது, மறந்தால் அது வீங்கி இறுகிவிடும்.)

எனவே கவை வரை செலுத்திய பிறகே பலூனை நிரப்பும் இந்தப் படியைத் தவறவிட்டவர், மொத்தப் புள்ளி எவ்வளவாயினும், அந்த நிலையத்தில் சித்தியடையாதவராகவே கணிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஒரே படிக்காக மாணவரைத் தோற்கடிப்பது கடுமை என்பார்கள். கிருமிநீக்கிய கையுறை எதிலாவது பட்டுவிட்டதைத் தானே உணர்ந்து மாற்றிக்கொள்ளும் மாணவருக்கு நானும் இரக்கம் காட்டுவேன், ஏனெனில் அது அவ்விடத்திலேயே திருத்தக்கூடியது. கிழிந்த சிறுநீர்வழியை அப்படித் திருத்த முடியாது.

பரீட்சகர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம்: சில மாணவர்களுக்குப் பொம்மையின் நீர்க்குழாயை மூடிவிடுங்கள். கவை வரை செலுத்தியும் நீர் வராதபோது, அவர் சற்றுக் காத்திருந்து, பலூனைத் தொடாமல், "வைத்தியரை அழைக்கிறேன்" என்று சொன்னால் முழுப் புள்ளியையும் கொடுங்கள்.