பீட்டா பிளாக்கரில் எதைப் போட்டாலும் ஒன்றுதானா?

"மெட்டோப்ரோலால் தீர்ந்துபோச்சுன்னா புரோப்ரனோலால் போடலாம், எல்லாம் ஒன்றுதான்."

தவறு. இரண்டும் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள்தான், ஆனால் மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளைத்தான் தடுக்கும். டோஸ் கூடினால் அந்தப் பாகுபாடு மங்கும். புரோப்ரனோலால் மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பிகளையும் சேர்த்தே தடுக்கும். மாரடைப்பு வந்த ஓர் ஆஸ்துமா நோயாளி இப்படி மாற்றிப் போட்டால் மூச்சுக்குழாய் இறுகும். அப்புறம் சால்பியூட்டமால் இன்ஹேலர் இழுத்தாலும் சரியாக வேலை செய்யாது, ஏனெனில் அதுவும் பீட்டா-2 வழியாகத்தான் இயங்குகிறது. இது உயிருக்கே ஆபத்து.

மாரடைப்புக்குப் பிறகு இதயம் பம்ப் செய்யும் அளவு 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்களுக்கு பீட்டா பிளாக்கர்களால் தெளிவான பலன் உண்டு. 50 சதவீதத்துக்குக் குறையாதவர்களிடம் 2024-இல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சுவலி திரும்பலாம். பேஸ்மேக்கர் இல்லாமல் கடுமையான இதய அடைப்பு (மின்கடத்தல் தடை) உள்ளவர்களுக்கு எந்த பீட்டா பிளாக்கரும் ஆகாது.