மதிப்பெண் சமமாக இருந்தது, அவள் தனியாக இருந்தாள்

ஏழாம் வகுப்பில் எனக்கு 38 பிள்ளைகள். முதல் பருவத்தில் செயல்திட்டத்துக்காக அவர்களை ஒன்பது குழுக்களாகப் பிரித்தபோது, ஆசிரியர்கள் பலரும் கையாளும் வழியைத்தான் நானும் கையாண்டேன். மதிப்பெண் வரிசையில் முதல் ஒன்பது பேரை ஒன்று முதல் ஒன்பது வரையிலான குழுக்களுக்கு ஒவ்வொருவராக அனுப்புவது. பத்தாவது பிள்ளையிலிருந்து ஒன்பதாம் குழுவில் தொடங்கித் திரும்பி வருவது. பாம்பு வளைந்து போவது போலப் போய்ப் போய்த் திரும்பும் முறை. இதில் நான்காம் குழுவுக்கு 4, 15, 22, 33 ஆகிய இடங்களில் இருந்தவர்கள் வந்தார்கள். கூட்டினால் 74. இரண்டாம் குழுவின் முதல் நால்வர் 2, 17, 20, 35, அதுவும் 74. தாளில் பார்க்க அவ்வளவு நேர்த்தி.

33-ஆவது இடத்தில் இருந்த சிறுமி அந்த நான்காம் குழுவில் இரண்டு வாரம் செய்த வேலை, சார்ட்டின் தலைப்பு எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டியதுதான். மற்ற மூன்று சிறுமிகளும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். காலையில் ஆட்டோவிலேயே வேலையைப் பேசி முடித்துவிடுவார்கள். வகுப்பில் அவளிடம் அவர்கள் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவை மட்டும் நீட்டினார்கள். தீட்டி முடித்த எழுத்தின் மேலேயே அவள் இரண்டாம் முறை தீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

மதிப்பெண்ணைச் சமமாகப் பங்கிடும் முறைக்குள்ளேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பின்தங்கிய பிள்ளைகளைக் குழுவுக்கு ஒருவர் வீதம் பிரித்துப் போடும்போது, அவர்கள் ஒவ்வொருவரையும் தனியாளாக்கிவிடுகிறோம். பெண் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிரித்தாலும், ஒரே குக்கிராமத்திலிருந்து வரும் இருவரை ஆளுக்கொரு குழுவில் போட்டாலும் அதேதான் நடக்கும். என் வகுப்பில் பெண் பிள்ளைகள் 14 பேர். முதல் பருவத்தில் நான்கு குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிறுமி மூன்று பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த நான்கு சிறுமிகளில் மூவரின் கையில் இருந்த வேலை, அழகாக எழுதுவது.

இரண்டாம் பருவத்தில் வரிசையை மாற்றிப் போட்டேன். மனிதர்கள் முதலில், மதிப்பெண் பிறகு.

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு சீட்டுக் கொடுத்து, சேர்ந்து வேலை செய்ய விரும்பும் மூன்று பேரின் பெயரை எழுதச் சொன்னேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. ஜேக்கப் மொரேனோ என்ற உளவியல் மருத்துவர் 1930-களிலேயே பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டு, யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கோடுகளால் வரைந்து காட்டினார். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: ‘யாருடன் சேர விருப்பமில்லை’ என்று கேட்கவே கூடாது. கேட்ட மறுநாள் அந்தப் பெயர்கள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். மூன்று விருப்பங்களும் நிச்சயம் கிடைக்கும் என்றும் சொல்லக் கூடாது. ‘முடிந்தால் ஒருவரையாவது தருகிறேன்’ என்றுதான் சொன்னேன்.

38 சீட்டுகள், 114 பெயர்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து எண்ணினேன். ஒரு பையனின் பெயர் 13 சீட்டுகளில் இருந்தது. ஐந்து பேரின் பெயர் ஒரு சீட்டில்கூட இல்லை. வண்ணம் தீட்டிய சிறுமி அவர்களில் ஒருத்தி. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன். பூப்பறிக்கும் காலத்தில் அடிக்கடி பள்ளிக்கு வராத இருவர். ஐந்தாவது பெயரைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. வகுப்பில் இரண்டாம் இடம் எடுக்கும் சிறுமி அவள். தனிமைப்படும் பிள்ளை என்றாலே படிப்பில் பின்தங்கிய பிள்ளை என்று அத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் பதினைந்து நிமிட இடைவேளையை எங்கே கழிக்கிறாள் என்று அன்று வரை நான் கவனித்ததே இல்லை.

குழு அமைப்பதை இந்த ஐந்து பேரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் ஐந்து பேரையும் ஐந்து வெவ்வேறு குழுக்களில் வைத்தேன். இவர்களில் இருவரை ஒன்றாகப் போட்டால் அது ‘மிச்சக் குழு’ என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொருவரும் எழுதிய மூன்று பெயர்களில் ஒருவரை அவர்களோடு சேர்த்தேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வண்ணம் தீட்டிய சிறுமி எழுதிய முதல் பெயர், தனக்கென்று ஓர் உயிர்த்தோழியை வைத்திருப்பவள். இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் எழுதியிருந்தார்கள். அவர்களோடு இவளையும் சேர்த்தால் அந்த இருவரும் பேசிக்கொள்வதை இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகவே அந்தத் தோழியை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டு, முதல் பெயருக்குரியவளை மட்டும் இவளோடு வைத்தேன். 13 சீட்டுகளில் பெயர் வாங்கிய பையனை இந்த ஐந்து குழுக்களில் எதிலும் போடவில்லை. அவன் இருக்கும் இடத்தில் எல்லோரும் அவனிடமே பேசுவார்கள்.

அடுத்து, பெண் பிள்ளைகள் ஒரு குழுவில் இருந்தால் குறைந்தது இருவர், இல்லையென்றால் ஒருவரும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். ஐந்து குழுக்களில் இரண்டிரண்டு பேர், ஒன்றில் நான்கு பேர், மூன்றில் பையன்கள் மட்டும். 38 பேரை நான்கு நான்காகப் பிரித்தால் இருவர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காக மூன்று பேர் கொண்ட குழுக்களை உண்டாக்காமல், இரண்டு குழுக்களை ஐந்து பேராக்கினேன். மூவரில் இருவர் சேர்ந்துவிட்டால் மூன்றாமவருக்குப் போக்கிடம் இல்லை.

மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்தது இதற்குப் பிறகுதான். நோரீன் வெப் என்ற அமெரிக்க ஆய்வாளர், கணித வகுப்புக் குழுக்களில் யார் யாருக்கு விளக்குகிறார்கள் என்று நெடுநாள் கவனித்தவர். முதல் தரம், நடுத்தரம், கடைசித் தரம் என மூவகையும் கலந்த குழுவில் முதல் தரத்தவர் கடைசித் தரத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க, நடுத்தரப் பிள்ளைகள் பேச்சிலிருந்தே விலகிப்போவதை அவர் கண்டார். என் முதல் பருவக் குழுக்களை நினைத்துப் பார்த்தேன். 15-ஆம், 22-ஆம் இடத்துப் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆகவே வகுப்பை 13, 12, 13 என்று மூன்று தரமாகப் பிரித்து, ஒரு குழுவில் அடுத்தடுத்த இரு தரங்களை மட்டும் கலந்தேன். நான்கு குழுக்களில் முதலும் நடுவும், ஐந்து குழுக்களில் நடுவும் கடைசியும். அந்தச் சிறுமியின் குழுவில் 16, 21, 29, 33 ஆகிய இடத்தவர்கள் அமைந்தார்கள்.

‘கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர்கூட இல்லாத குழு எப்படி முடிக்கும்?’ என்று எங்கள் பள்ளியிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஐந்து குழுக்களும் மெதுவாகத்தான் நகர்ந்தன. முதல் இரண்டு பாடவேளைகளில் நான் அவர்களோடு மட்டுமே உட்கார்ந்தேன். மற்ற நான்கு குழுக்களுக்கு நான் தேவைப்படவில்லை.

குழுவைச் சரியாக அமைத்தாலும் வேலை தவறாக இருந்தால் எல்லாம் வீண். ஒரு சார்ட், ஒரு தலைப்பு என்று கொடுத்தால் ஒருவர் செய்து முடித்துவிடுவார். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்த வகுப்புகளில் பகை மூண்டபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒருவரின் துண்டு இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாது. நான் கொடுத்த செயல்திட்டம், எங்கள் பள்ளியில் ஒரு நாளில் செலவாகும் தண்ணீரைக் கணக்கிடுவது. ஒருவர் குழாய்களை அளக்க வேண்டும். பத்து லிட்டர் வாளி நிறைய 80 விநாடி பிடித்தால், அந்தக் குழாயில் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். இன்னொருவர் இடைவேளைகளில் குழாய் எத்தனை நிமிடம் திறந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒருவர் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் எத்தனை குடம் ஆகிறது என்று கேட்டு வர வேண்டும். மற்றவர் கணக்கைக் கூட்டி வரைய வேண்டும். ஐந்து பேர் உள்ள குழுக்களில் குழாய் அளப்பதை இருவருக்குக் கொடுத்தேன்.

அந்தச் சிறுமிக்குச் சத்துணவுக் கூடம் வந்தது. சமைத்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் தனித்தனி என்று அவளே பிரித்து எழுதிக்கொண்டு வந்தாள். கணக்குப் போட வேண்டிய பையன் அவளுடைய நோட்டைக் கேட்டு அவள் மேசைக்கு எழுந்து போனான். ஒடிசாப் பையன் விநாடி எண்ணும்போது தன் மொழியில் எண்ணினான். தாளில் எழுதிய எண் எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த எண்தான்.

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. இரண்டாம் இடத்துச் சிறுமி தன் குழுவில் மற்ற மூவரின் நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு தானே கூட்டினாள். சார்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பென்சில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். இரண்டு பாடவேளைகளாக ஒரே கையில் பென்சில் இருந்தால் தலையிட வேண்டும். அவளைக் குழு மாற்றச் சொல்லி மற்றவர்கள் கேட்டார்கள். நான் மாற்றவில்லை. நடுவில் மாற்றப்படும் பிள்ளையின் மேல் அது வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். வேலையை மாற்றினேன். அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கணக்கை இன்னொருத்தியிடம் கொடுத்தேன். வளரறி மதிப்பீட்டின் பத்து மதிப்பெண்ணில் நான்குதான் சார்ட்டுக்கு; மீதி ஆறு, அவரவர் நோட்டுக்கும், குழுவில் இன்னொருவர் செய்த வேலையைப் பற்றி நான் கேட்கும் ஒரு கேள்விக்கும். இது தெரிந்த பிறகு அவள் மற்றவர்களிடம் போய் நின்று கேட்க ஆரம்பித்தாள்.

நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. தெருவாரியாக, சாதிவாரியாகப் பெஞ்சு பிடிக்கும் வழக்கத்தை உடைக்க அது தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அகர வரிசையையே செயல்திட்டக் குழுவுக்கும் வைத்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைப்பது வேறு, ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தேவைப்படும்படி செய்வது வேறு. இரண்டாவதற்கு ஆசிரியர் ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

மூன்றாம் பருவத்துக்கான சீட்டுகளைக் கடந்த வாரம் வாங்கினேன். வண்ணம் தீட்டிய சிறுமியின் பெயர் இரண்டு சீட்டுகளில் இருக்கிறது; அவற்றில் ஒன்று, அவளுடைய நோட்டைக் கேட்டு எழுந்து போன பையனுடையது. பூப்பறிக்கப் போகும் இருவரின் பெயர் இந்த முறையும் எதிலும் இல்லை. அவர்கள் இருவரும் எழுதிய ஆறு பெயர்களையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இன்றிரவு அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.