அந்தக் கழுத்தில் இருந்தது அழுக்கு அல்ல

செந்தூலில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடங்களாக அவளுடைய பின்கழுத்தில் கரும்பட்டை ஒன்று படர்ந்து வந்தது. அக்குளிலும் அதே கருமை. "ஒழுங்காகத் தேய்த்துக் குளி" என்று அக்கா தினமும் திட்டினாள். எலுமிச்சை, பயத்தமாவு, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நார்கூட அந்தக் கழுத்தில் ஏறி இறங்கியது. தோல் புண்ணானதுதான் மிச்சம். பிள்ளை முடியை விரித்துப்போட்டுக் கழுத்தை மறைக்கத் தொடங்கினாள். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது.

கிளினிக்கில் மருத்துவர் அந்த இடத்தைச் சாராயப் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பிறகு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெல்வெட் துணியைப் போலச் சற்றுத் தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. வெயிலில் கறுத்த தோல் அப்படி இருக்காது. பக்கத்தில் சிறு மருக்களும் தொங்கின. இதற்கு அகன்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர்.

உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. இரத்தத்தில் மிகுந்துபோன அந்த இன்சுலின், தோல் செல்களை வேகமாகப் பெருகத் தூண்டுகிறது. தோல் தடித்து மடிவதால்தான் கறுப்பாகத் தெரிகிறது. தேய்த்தால் எப்படிப் போகும்?

அக்கா ஏமாந்த இடம் ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 5.2 மில்லிமோல்தான். "சரியாகத்தானே இருக்கிறது" என்று எழுந்துவிட்டாள். கணையம் கூடுதலாக உழைத்துச் சமாளிக்கிற காலமெல்லாம் அந்த எண் சரியாகவே இருக்கும். அந்த எண் ஏறுவதற்கு முன்பே கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் விடாமல் எச்பிஏ1சி என்ற பரிசோதனையையும் எடுக்கச் சொன்னார். ஏறக்குறைய மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அது 5.9 விழுக்காடு என்று வந்தது. நம் மலேசிய வழிகாட்டுதலில் 6.3 தொட்டால் நீரிழிவு. இவள் அதற்கு முந்தைய படியில் நின்றாள்.

கறுத்த கழுத்துள்ள எல்லோருக்கும் நீரிழிவு என்று நான் சொல்லவில்லை. சில மருந்துகளாலும் இது வரலாம், சில குடும்பங்களில் பிறப்பிலேயே வருவதும் உண்டு. ஆனால் நடுவயதைக் கடந்தவருக்குத் திடீரென்று வேகமாகப் பரவி, உள்ளங்கையும் தடித்து, எடையும் குறைந்தால், அது வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். அப்போது ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா மகளுக்கு மாத்திரை தரவில்லை. காலையிலும் மாலையிலும் குடித்த இனிப்பு மைலோவும் சிராப் பண்டோங்கும் முதலில் நின்றன. மாலையில் தந்தையுடன் ஒரு மணி நேரம் பந்து விளையாட்டு. எட்டு மாதத்தில் எச்பிஏ1சி 5.5 ஆனது. தோலில் தடிப்புத்தான் முதலில் இறங்கியது. கருமை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.