அது டேப்லெட் இல்லீங்க, ஐயா

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல நடந்தது வேலூர் நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும். "போன்ல படிக்கிறவன்லாம் வாசகனா?"ன்னு மேடையில பேசின ஐயா ஒருத்தர் கேட்டாரு. என் கையில இருந்ததைப் பார்த்துட்டுத்தான் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சீங்க. சரி.

அது போன் இல்ல, டேப்லெட்டும் இல்ல. இ-ரீடர், புத்தகம் படிக்கன்னே இருக்கிற கருவி. மூணும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்கதான் இதுல தீர்ப்பு சொல்றாங்க.

வேலைக்காக அடிக்கடி மைசூர் போறவன் நான். காட்பாடியில காவேரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது பெட்டியே தூங்கிட்டிருக்கும். மிடில் பெர்த்துல நிமிர்ந்து உட்கார முடியாது. மல்லாந்து படுத்து 800 பக்க நாவலை முகத்துக்கு நேரா எவ்வளவு நேரம் பிடிப்பீங்க? லைட் போட்டா எதிர் பெர்த் பெரியவர் திட்டுவாரு, நியாயம்தானே. டேப்லெட்டா? அரைக் கிலோ கிட்ட கனம். திரைக்குப் பின்னாடியிருந்து வர்ற வெளிச்சம் நேரா கண்ணுக்குள்ள. அரைமணியில கண் எரியுது எனக்கு. ராத்திரி 11லிருந்து 5 வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைச்சு வைக்கணும்னு ரயில்வே 2021லயே சொல்லியாச்சு.

இ-ரீடர்ல பக்கம் மாறும்போது மட்டும்தான் உள்ள இருக்கிற கருப்பு வெள்ளைத் துகள் நகரும். பக்கம் அப்படியே நிக்க கரண்ட் வேண்டாம், அதனாலதான் சார்ஜ் வாரக்கணக்குல தாங்குது. வெளிச்சம் ஓரத்து விளக்குலேருந்து திரை மேல படர்ந்து, பட்டுத் திரும்பித்தான் கண்ணுக்கு வருது, காகிதத்துல வர்ற மாதிரி. கூட்டி வெச்சா அதுவும் குத்தும். குறைச்சு வைங்க. கனம் 200 கிராம் சொச்சம். திரும்பச் சொல்றேன், அது டேப்லெட் இல்ல.

"பழைய தமிழ்ப் புத்தகம் அதுல படிக்க முடியுமா?"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல மடக்கினாரு. நல்ல கேள்வி. எழுத்தைப் பெருசாக்கிப் பாருங்க. வரி மடங்கி திரைக்குள்ளயே நின்னா அது தட்டச்சு செஞ்ச நூல். மதுரைத் திட்டத்து யுனிகோடு நூல்கள் அப்படித்தான். பக்கமே மொத்தமா பெருத்து ஓரம் வெளிய போச்சுன்னா அது ஸ்கேன், வெறும் படம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல நான் எடுக்கிற பழைய நூலெல்லாம் பெரும்பாலும் இதுதான். 6 அங்குலத் திரையில அதை இழுத்து இழுத்துப் படிக்கிறது நரகம், ஒவ்வொரு இழுப்புக்கும் திரை திணறும். அதுக்கு மட்டும் டேப்லெட், அதுவும் பகல்ல. அடிக்குறிப்புக்கும் மூலத்துக்கும் தாவித் தாவிப் படிக்கிற உரைநூலுக்குக் காகிதம்தான். நான் எங்க மறுத்தேன்?

விலை அதிகம்னா, ஆமாம், அதிகம். புத்தக வாசனைன்னா, மன்னிச்சிடுங்க, எனக்குத் தும்மல் வரும்.

எங்க வீட்டு அலமாரியைப் பார்க்காம காகிதத் துரோகின்னு சொல்லாதீங்க. கீழ்த்தட்டு கரையானுக்குப் போச்சு. மேல்தட்டுல இருக்கிற இடைவெளியெல்லாம் இரவல் குடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தமா சிரிச்ச ரெண்டு பேர்கிட்டதான் அதுல பாதி இருக்கு. பேர் போடல. படிச்சு முடிச்சிருந்தா கொண்டாந்து குடுங்கப்பா.