மூடின டப்பாவுக்குள் முழித்திருக்கும் இயர்பட்ஸ்

காலையில் தருமபுரியில் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, பாட்டுக் கேட்கலாம் என்று இயர்பட்ஸை எடுத்தால் இரண்டும் செத்துக் கிடக்கின்றன. ராத்திரி முழுக்க டப்பாவுக்குள்தான் இருந்தன. மூடியும் 'டக்'கென்று மூடியது. நேற்று அம்மா போனில் பேசியதும் எனக்குக் கேட்கவில்லை. பைக்குள் மூடிக் கிடந்த டப்பாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்!

சார்ஜ் ஏறும் பின்களைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கோளாறு மூடியில். அதன் விளிம்பில் ஒரு குட்டிக் காந்தம், கீழே டப்பாவில் ஹால் சென்சார். காந்தம் நெருங்கினால்தான் மூடியாச்சு என்று அதற்குப் புரியும். புரியாவிட்டால் இயர்பட்ஸ் தூங்காமல் போனோடு இணைந்தே கிடக்கும். மூடியை இழுத்துப் பிடிக்கும் காந்தம் என் டப்பாவில் வேறு. அதனால் 'டக்' சத்தத்தை நம்பவே கூடாது.

ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்திருந்த மாம்பழக் காந்தத்தை எடுத்து, மூடிய டப்பாவின் விளிம்போரம் மெல்ல நகர்த்தினேன். ஒன்றுமில்லை. திருப்பி வைத்து நகர்த்தினேன். கீலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் டப்பாவின் விளக்கு அணைந்தது, போனிலும் இணைப்பு அறுந்தது. அப்படியானால் சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. போன மாதம் படியில் விழுந்தபோது உள்ளே காந்தம்தான் இடம் மாறியிருக்க வேண்டும். எங்கே வைத்தும் அசையாமல் இருந்திருந்தால் சென்சார் போச்சு என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

கடைக்காரர் மூடியைப் பிரிக்க முடியாது, புதுசு வாங்குங்க என்கிறார். இப்போது டப்பா மேல் மாம்பழத்தை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கரண்ட் பில் எங்கே என்று வீட்டில் தேடுகிறார்கள்.